கீழ்ப்படி எது?

பள்ளிக்கூட ஆங்கில வகுப்பில் கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவார்கள். பிக், பிக்கர், பிக்கஸ்ட். முதல் கட்டத்துக்குப் பாசிட்டிவ் டிகிரி என்று பெயர், இரண்டாவது கம்பேரட்டிவ், மூன்றாவது சூப்பர்லேட்டிவ். தமிழில் விளக்கும்போது ‘பெரிய, அதை விடப் பெரிய, மிகப் பெரிய’ என்று மூன்று படிக்கட்டு ஏறிக் காட்டுவார்கள். நானும் பல வருஷம் இப்படித்தான் ஏறிக் காட்டினேன்.

இந்த ஏணிக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. ‘கண்ணன் உயரம்’ என்பது எளிய வாக்கியம், ஒருவனிடம் உள்ள ஒரு பண்பை மட்டும் சொல்கிறது. ‘மணியை விடக் கண்ணன் உயரம்’ என்பது அந்தப் பண்பைக் கொண்டு கட்டிய சிக்கலான வாக்கியம். உயரம் என்றால் என்ன என்று தெரிந்தவனுக்கே ‘விட உயரம்’ புரியும், எனவே ஒப்பிடாத சொல் அடித்தளம், ஒப்பீடு அதன் மேல் எழுப்பிய மாடி. இப்படிப் போகிறது அந்தக் கொள்கை.

இதை வாத்தியார்களின் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் மொழியியலில் இதற்குக் கூர்மையான ஒரு வடிவம் உண்டு. 1980-ல் யூவன் கிளைன் அதை முன்வைத்தார். மொழிகளைப் பார்த்தால் ஒப்பீட்டுச் சொல் வெறும் சொல்லிலிருந்து கிளைக்கிறது, தலைகீழாக நடப்பதில்லை. அப்படியிருக்கப் பொருளையும் அதே வரிசையில் கட்டுவதுதானே நியாயம் என்று கேட்டார். அவர் கணக்குப்படி ‘மணியை விடக் கண்ணன் உயரம்’ என்றால், ஏதோ ஒரு கூட்டத்துக்குள் வைத்துப் பார்க்கும்போது கண்ணன் உயரமானவன் பட்டியலில் விழுவான், மணி விழமாட்டான். இதற்கு அளவுகோலோ சென்டிமீட்டரோ வேண்டாம், ‘உயரம், உயரமில்லை’ என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். அழகான யோசனை. ஆனால் தவறு என்பதே என் கட்சி. ஒப்பீடுதான் தரை. ‘கண்ணன் உயரம்’ என்பது, யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதை மறைத்துவைத்த ஒப்பீடு.

1. மாடியில் நிற்பவன் தரையைத் தொட்டிருக்க வேண்டாமா?

ஒப்பீடு வெறும் சொல்லின் மேல் கட்டியதென்றால், ஒப்பீடு உண்மையாகும் இடத்தில் வெறும் சொல்லும் உண்மையாக வேண்டும். மூன்று வயசுக் குழந்தை இரண்டு வயசுக் குழந்தையை விட உயரம். இதைச் சொன்னதால் இரண்டில் ஒன்று உயரமான ஆளாகிவிட்டதா? ‘இந்தக் கடையை விட அந்தக் கடையில் மலிவு’ என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் ‘ரெண்டுமே கொள்ளை விலை’ என்று முடிக்கலாம். கேட்பவர் யாரும் முரண்பாடு என்று மடக்குவதில்லை. இரண்டாம் படியில் நிற்கிறவன் முதற்படியில் கால் வைக்கவே இல்லை என்றால், அதை ஏணி என்று எப்படிச் சொல்வது?

எல்லாச் சொல்லும் இப்படி நடந்துகொள்வதில்லை என்பதும் உண்மைதான். ‘இது அதை விட மோசம்’ என்றால் இரண்டுமே கொஞ்சம் மோசம் என்ற வாடை வருகிறது. ஈரத் துணிகள் இன்னொரு மாதிரி. ‘இந்தச் சட்டை அந்தச் சட்டையை விட ஈரம்’ என்றால் இந்தச் சட்டை நிச்சயம் ஈரமாக இருக்கிறது. ‘இந்தச் சட்டை அந்தச் சட்டையை விடக் காஞ்சிருக்கு’ என்றாலோ அந்தச் சட்டை முழுக்கக் காயவில்லை என்பதுதான் உறுதி, இதுவும் காயாமல் இருக்கலாம். கிரிஸ்டோஃபர் கென்னடியும் லூயிஸ் மக்னாலியும் 2005-ல் இந்த வேறுபாட்டை ஒழுங்குபடுத்தினார்கள். சில சொற்களின் அளவுகோலுக்கு ஒரு முனையில் முற்றுப்புள்ளி உண்டு. துளி இருந்தாலே ஈரம், துளியும் இல்லாதபோதுதான் காய்ந்தது. உயரத்தின் கோலுக்கு அப்படி ஒரு புள்ளி கிடையாது, ‘முழுக்க உயரம்’ என்று யாரும் சொல்வதில்லை. ஒரே ஏணியை எல்லாச் சொல்லுக்கும் சாத்துகிற பாடத்தில் இந்த வித்தியாசத்துக்கு இடமே இல்லை.

2. எளிய வாக்கியம் என்கிறீர்களே, அதன் வரம்பை யார் வைத்தது?

‘கண்ணன் உயரம்’ என்று சொன்னால் எத்தனை அடிக்கு மேல்? ஆறாம் வகுப்புப் பையன்களுக்குள்ளா, கூடைப்பந்து அணிக்குள்ளா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வாக்கியம் உண்மையா பொய்யா என்று தீர்க்க முடியாது. ‘மணியை விடக் கண்ணன் உயரம்’ என்பதற்கோ இரண்டு பேரையும் சுவரோரம் நிறுத்தினால் போதும். எட்வர்ட் சபீர், அவர் மறைவுக்குப் பின் 1944-ல் வெளியான கட்டுரையிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். பெரிது, சிறிது என்ற சொற்களுக்குள் ஒப்பீடு ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது, கூட்டிக் குறைத்துப் பார்ப்பதுதான் முதலில் வருகிறது என்பது அவர் வாதம்.

தமிழில் இந்த மறைந்த வரம்பை வெளியே இழுக்க ஒரு உருபே இருக்கிறது. ‘வயசுக்கு உயரம்தான்’, ‘இந்த விலைக்கு நல்ல வீடு’, ‘ஊருக்குப் பெரிய மனுஷன்’. இந்தக் ‘கு’ யாரோடும் ஒப்பிடுவதில்லை. எந்த வரம்பை வைத்து அளக்க வேண்டும் என்று சொல்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கக் காவிரிப் படுகையின் ஒரு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகலாம். களத்தில் குவியல் குவியலாக நெல். அரசுக் கொள்முதலுக்கான பொது விதிப்படி ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மழை பெய்த வருஷங்களில் தளர்த்தச் சொல்லிக் கேட்பார்கள், தளர்த்துவதும் உண்டு. தளர்வில்லாத ஒரு நாளை வைத்துக்கொள்வோம். ஒரு விவசாயியின் நெல் முந்தாநாள் கருவியில் 21 காட்டியது. இரண்டு நாள் வெயிலில் கிளறிவிட்டார், இன்றைக்கு 19.

‘முந்தாநாளை விடக் காஞ்சிருக்கு’ என்கிறார் அவர். உண்மை. ‘காயலை’ என்கிறார் கருவியைப் பிடித்திருப்பவர். அதுவும் உண்மை. இரண்டு பேரும் ஒரே குவியலைப் பற்றி, ஒரே சொல்லை வைத்துப் பேசுகிறார்கள், ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சை மறுக்கவில்லை. விவசாயியின் வாக்கியத்துக்கு இரண்டு எண் போதும், 21-ம் 19-ம். மற்றவர் வாக்கியத்துக்கு மூன்றாவதாக ஒரு எண் வேண்டியிருக்கிறது. அந்த 17 குவியலுக்குள் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. எது எளிய வாக்கியம்?

இன்னும் ஒரு நாள் போகட்டும், ஈரம் 16-க்கு இறங்கட்டும். இப்போது கொள்முதலுக்கு நல்ல காய்ச்சல். அதே நெல்லை விதைக்கு எடுத்து வைக்க முடியுமா? விதை நெல்லுக்குச் சான்றளிப்பு வரம்பு 13 சதவீதம். ஆகவே கொள்முதலுக்குக் காய்ந்தது, விதைக்கு ஈரம். நெல்மணி மாறவில்லை, ‘கு’ ஏறிய சொல் மாறியது, அதோடு வரம்பும் மாறிவிட்டது. ஆனால் ‘முந்தாநாளை விடக் காஞ்சிருக்கு’ என்பது கொள்முதல் நிலையத்திலும் உண்மை, விதைக் கிடங்கிலும் உண்மை. இடத்துக்கு இடம் மாறுகிற வாக்கியத்தை அடித்தளம் என்றும், எங்கும் நிலைத்து நிற்கிற வாக்கியத்தை அதன் மேல் கட்டிய மாடி என்றும் சொல்வது எந்த ஊர் கட்டடக் கலை?

3. ‘ஆறடி உயரம்’ என்பதில் எந்தப் படி இருக்கிறது?

‘குழந்தை ரெண்டடி உயரம்’ என்று யாராவது சொன்னால் குழந்தை உயரமானது என்று புரிந்துகொள்கிறோமா? இல்லை. அங்கே ‘உயரம்’ கோலை மட்டும் சொல்கிறது, அளவை எண் சொல்கிறது, வரம்பு எங்குமே இல்லை. அதாவது பாசிட்டிவ் என்று நாம் பெயர் வைத்த பொருள் அந்தச் சொல்லுக்குள் இல்லவே இல்லை. இருந்தால் ரெண்டடிக் குழந்தைக்கு முன்னால் அது வெட்கப்பட்டிருக்க வேண்டும். தமிழில் இது இன்னும் துலக்கம், ஏனென்றால் உயரம், அகலம், கனம், ஆழம் எல்லாம் பெயர்ச்சொற்கள். ‘அவன் உயரம்’ என்றால் அவனுடைய உயரம் என்ற அளவாகவும் இருக்கலாம், அவன் உயரமானவன் என்ற தீர்ப்பாகவும் இருக்கலாம். சொல் ஒன்றுதான். தீர்ப்பு வேறெங்கிருந்தோ வந்து சேர்கிறது.

இப்போது எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘குழந்தை ரெண்டடி குட்டை’. காது ஒப்புக்கொள்ளாது. ஆனால் தையற்கடையில் தைத்து வாங்கிய பேன்ட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘ரெண்டு இன்ச் குட்டை’ என்று சொல்லுங்கள், தையல்காரர் மறுபேச்சில்லாமல் மடிப்பைப் பிரிப்பார். பேன்ட்டின் நீளம் ரெண்டு இன்ச் என்று உலகத்தில் ஒருவரும் அதைப் புரிந்துகொள்வதில்லை. இருக்க வேண்டிய நீளத்துக்கு ரெண்டு இன்ச் குறைவு என்பதே பொருள். ‘விட’ இல்லை, ‘காட்டிலும்’ இல்லை, ஒப்பிடும் பொருளைச் சொல்லவும் இல்லை, ஆனாலும் முழு ஒப்பீடு நடந்துவிட்டது. ‘ரெண்டு வயசு இளையவன்’, ‘பத்து நிமிஷம் லேட்டு’ எல்லாம் இதே சாதி. நீளத்தின் கோல் சுழியத்தில் தொடங்குகிறது, அதனால் அங்கிருந்து எண்ணி ஆறடி என்று சொல்லலாம். குட்டையின் கோல் தலைகீழ், அதில் எண்ணத் தொடங்க இடமில்லை. ஆகவே ஏதாவது ஒரு வரம்பிலிருந்து கீழ்நோக்கி எண்ணுகிறோம். கோலும் அளவும் இல்லாமல், ‘குட்டை, குட்டையில்லை’ என்று பிரிப்பதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ரெண்டு இன்ச்சை எங்கே கொண்டுபோய் மாட்டுவது?

4. ஒரு சென்டிமீட்டருக்குக் கிளைனின் பதில் என்ன?

பல வீடுகளில் கதவு நிலையோரச் சுவரில் பென்சில் கோடுகள் இருக்கும், பிள்ளைகள் வளர்ந்த கணக்கு. கண்ணன் கோடு 150 சென்டிமீட்டரில், மணி கோடு 149-ல். ‘மணியை விடக் கண்ணன் உயரம்’ என்றால் மணியே ஒத்துக்கொள்வான், அழுதுகொண்டாவது. ‘மணியோடு ஒப்பிட்டால் கண்ணன் உயரமான பையன்’ என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்காக யாரையும் உயரமான பட்டியலில் தூக்கி வைக்க முடியாது, பட்டியல் பிரிப்பதற்குக் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி வேண்டும். ஆனால் கிளைன் கணக்கில் ஒப்பீடு என்பதே பட்டியல் பிரிப்பதுதான். பிரிக்க முடியாத இடத்திலும் ஒப்பீடு சுகமாக உண்மையாகிறது என்றால், ஒப்பீடு பிரிப்பதிலிருந்து பிறக்கவில்லை.

‘ரெண்டு பேர்ல யாரு உயரம்?’ என்ற கேள்விக்கு ‘கண்ணன்தான் உயரம்’ என்று ஒரு சென்டிமீட்டருக்கும் சொல்கிறோமே, அங்கே வெறும் சொல்தானே பிரிக்கிறது என்று கிளைன் கட்சிக்காரர் கேட்கலாம். நல்ல கேள்வி. அப்படியானால் அடுத்த கேள்வி, ‘அப்ப மணி உயரமில்லையா?’ ‘அவனும் உயரம்தான், கண்ணன் ஒரு சென்டிமீட்டர் கூட’ என்று பதில் சொல்லலாம், யாரும் உங்களைப் பொய்யன் என்று சொல்ல மாட்டார்கள். பட்டியல் பிரிந்திருந்தால் மணி வெளியே நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. அங்கே நடந்தது உச்சரிக்காத ‘விட’.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஒப்பீட்டை உண்மையிலேயே வெறும் சொல்லால் கட்டுகிற மொழிகள் இருக்கின்றன. ‘அது பெரிது, இது சிறிது’ என்று இரண்டு வாக்கியத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அமெரிக்காவில் டாஹோ ஏரிக்கரைப் பழங்குடியினரின் வாஷோ மொழி அப்படிப்பட்டது. அதை நேரில் ஆராய்ந்த ரயன் போச்னாக் கவனித்தது என்ன? வித்தியாசம் மயிரிழையாக இருக்கும் இடத்தில் அந்தக் கட்டமைப்பு பொருந்தி வருவதில்லை. கிளைன் சொன்னது வாஷோவுக்குச் சரியாக இருக்கலாம். அதனால்தான் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சரியில்லை என்கிறேன், இங்கே மயிரிழையிலும் ஒப்பீடு தடுமாறுவதில்லை.

5. தமிழில் கம்பேரட்டிவ் இல்லை என்று இன்னுமா சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?

ஏணிப் பாடத்தின் பக்க விளைவு இது. சொல்லின் வால் மாறினால்தான் டிகிரி, தமிழில் வால் மாறுவதில்லை, எனவே தமிழ் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிறது என்று படித்தவர்களே பேசுகிறார்கள். லேயோன் ஸ்டாஸன் 167 மொழிகளின் ஒப்பீட்டு வாக்கியங்களைத் தொகுத்திருக்கிறார். ஆங்கிலத்தின் ‘தேன்’ போலத் தனி இடைச்சொல் வைத்து ஒப்பிடுபவை அதில் 22. ஒப்பிடும் பொருளை ‘அதிலிருந்து’, ‘அதன்மேல்’ என்கிற மாதிரி இட உருபால் குறிப்பவை 78, அதுதான் பெருங்கூட்டம். ஆங்கிலம் சிறுபான்மை.

நம் பழைய இலக்கணக்காரர்களுக்கு இதில் குழப்பமே இருந்ததில்லை. தொல்காப்பியம் ஐந்தாம் வேற்றுமைக்கு அடுக்குகிற பொருள்களில் சிறுமை, பெருமை, வன்மை, மென்மை, முதுமை, இளமை, புதுமை, பழமை எல்லாம் வருகின்றன. அதே அடுக்கில் தீர்தலும் பற்று விடுதலும் இருக்கின்றன. விலகுவதையும் ஒப்பிடுவதையும் ஒரே உருபின் கீழ் வைத்தார்கள், இன்றைய ‘விட’ என்ற சொல்லும் விடுதலிலிருந்து வந்ததுதான். மணியின் அளவை விட்டு மேலே போனது கண்ணனின் அளவு. வரம்பு, அதிலிருந்து விலகிய தூரம். சொற்பொருளியல்காரர்கள் இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த இடம் கிட்டத்தட்ட இதுவே. உரைகளில் களாப்பழத்தைக் காக்கையோடு ஒப்பிட்டுக் கறுப்பைக் காட்டுகிறார்கள், அந்த வாக்கியத்தை விளக்க அவர்களுக்கு மூன்று கட்டம் தேவைப்படவில்லை.

மூன்றாம் படி இதைவிடக் கோணல். ‘எல்லாரையும் விட உயரம்’ என்றால் சூப்பர்லேட்டிவ், கணக்கு முடிந்தது. அதுவும் ஒப்பீடுதான், ஒருவனுக்குப் பதில் எல்லாரும். ஜொனதன் போபல்ஜிக் 2012-ல் நூற்றுக்கணக்கான மொழிகளை அலசிக் காட்டியதும் இதற்கு ஒத்துப்போகிறது, சூப்பர்லேட்டிவுக்குள் கம்பேரட்டிவ் அடங்கியிருக்கிறது என்றார் அவர். தமிழில் அது பட்டவர்த்தனம். நம் பாடமோ அந்த இடத்தில் ‘மிக’ என்று போடுகிறது. ‘மிகப் பெரிய’ என்பது வரம்பை நன்றாகத் தாண்டியது என்று சொல்கிறது, முதலிடம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ‘மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரி தூர்வாரப்படுகிறது’ என்று செய்தி படிக்கிறோம். முதலிடத்தில் உள்ள ஏரியா, ரொம்பப் பெரிய ஏரிகளில் ஒன்றா? பத்து ஏரிகள் மிகப் பெரியவையாக இருக்கலாம், எல்லாவற்றையும் விடப் பெரியது ஒன்றுதான் இருக்க முடியும். ஏணிப் பாடத்தில் வளர்ந்த கை எழுதுகிறது, வாசகர் குழம்புகிறார்.

6. அப்படியானால் அந்த மறைந்த வரம்பு எங்கே ஒலிக்கிறது?

எதிர்த்தரப்பின் கடைசி அம்பு இது, கூரானதும்கூட. வெறும் சொல்லுக்குள் வரம்பு இல்லை, வெளியிலிருந்து வருகிறது என்றால், அதைக் கொண்டுவரும் உறுப்பை ஏதாவது ஒரு மொழியாவது உச்சரிக்க வேண்டாமா? பெரும்பாலான மொழிகள் உச்சரிப்பதில்லை, இது எங்கள் தரப்புக்குச் சங்கடம்தான். ஆனால் சீன மொழியைப் பாருங்கள். அங்கே ‘அவன் உயரம்’ என்று வெறுமனே சொன்னால் யாரையோ விட உயரம் என்ற பொருள் தலைதூக்குகிறது, யாரை விட என்று கேட்பவர் காத்திருப்பார். சாதாரணமாக ஒருவனை உயரமானவன் என்று சொல்ல ‘ஹென்’ என்ற ஒரு சொல்லை முன்னால் சேர்க்கிறார்கள். அகராதியில் அதற்கு ‘மிக’ என்று பொருள், பேச்சில் அந்த மிகை தேய்ந்துவிட்டது. வெறும் சொல் ஒப்பீட்டுக்கு, ஒட்டுச் சேர்த்த சொல் பாசிட்டிவுக்கு. கரும்பலகைக் கட்டங்களுக்கு நேர் எதிர் வரிசை.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. கல்யாணப் பேச்சில் நாமும் அப்படி ஒரு ஒட்டுப் போடுகிறோம்.

“பையன் எப்படி?”

“நல்ல உயரம். அஞ்சடி ஒன்பது அங்குலம்.”

“பொண்ணை விடவா?”

“இல்லைங்க, ஒரு அங்குலம் குட்டை.”